இரத்தம் உறைய நேரம் கொடுங்கள்

கொல்லிமலையில் மிளகுக்கொடி படர்ந்த மரத்தின் கிளையைக் கழிக்கும்போது அரிவாள் முன்கையில் ஆழமாக வெட்டிவிட்டதாகக் கொள்வோம். காரவள்ளி வழியாக இறங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். எனவே 108-ஐ அழைத்துவிட்டு, முதலுதவியை அங்கேயே தொடங்க வேண்டும்.

தூய துணியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, உள்ளங்கையால் பலமாக அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கலாம். எனினும், இரத்தத்தை நிறுத்துவது அழுத்தமே.

இரத்தத் தட்டுகள் முதலில் வெட்டுவாயை அடைக்கின்றன. பின்னர் ஃபைப்ரின் என்னும் நார்வலை அவ்வடைப்பை உறுதியாக்குகிறது. இதற்குச் சில நிமிடங்கள் தேவை. இடையில் துணியைத் தூக்கிப் பார்த்தால், உருவாகிவரும் அடைப்பு பிய்ந்துவிடும். ஆகவே கடிகாரம் பார்த்து 10 நிமிடம் கையை எடுக்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். ஆஸ்பிரின் போன்ற மருந்து உண்போருக்கு இன்னும் கூடுதல் நேரமாகலாம்.

பலமாக அழுத்தியும் நிற்காமல் கை கால்களில் இரத்தம் பீறிட்டால் மட்டுமே இறுக்குக்கட்டு போட வேண்டும். கயிறோ கம்பியோ வேண்டா. காயத்திற்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின்மேல் படாமல், அகலத் துணியைக் கட்டி, குச்சியைச் செருகி, இரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு மணி நேரத்திற்கு மேல் நீடித்தால் தசையும் நரம்பும் கெடக்கூடும். ஆயினும் வழியில் அவிழ்க்காதீர்கள். அவிழ்ப்பது மருத்துவரின் பணி. அதற்கு அந்நேரக் குறிப்பு எங்களுக்குத் தேவை.