கடையில் எந்தெந்த வழியில் பணம் வாங்கலாம்?

கோட்டுகாலில் சிறு வணிகர்களுக்காக ஒரு நாள் பயிற்சி முகாம் நடந்தது. பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்திலிருந்தும் நம்மவர்கள் பலர் வந்திருந்தார்கள். கடைகளுக்குக் கணக்கு எழுதிப் பழகியவன் என்பதால் என்னையும் பேச அழைத்திருந்தார்கள். அன்று பேசியதை எழுதித் தரும்படி நம் மலரின் ஆசிரியர் கேட்டுக்கொண்டார். கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

வந்தவர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேட்டேன். கிரெடிட் கார்டில் பணம் வாங்கினால் வங்கிக்கு எவ்வளவு போகும்? "நூற்றுக்கு இரண்டு ரூபாய்தானே" என்றார்கள். அந்தத் 'தானே'யில்தான் ஏமாற்றமே இருக்கிறது.

ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் வீட்டு விசேஷத்துக்காக 5,000 ரூபாய்க்கு அரிசி வாங்கிக் கிரெடிட் கார்டு கொடுக்கிறார். அரிசியில் நமக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய் நின்றால் லாபம் 250 ரூபாய். வங்கிக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 100 ரூபாய். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு. ஆக 118 ரூபாய் போய்விட்டது. மீதி 132 ரூபாயில்தான் கரண்டு பில்லும் கடைப் பையன் சம்பளமும். வங்கி கேட்டது விற்பனையில் இரண்டு சதவீதம்; போனதோ லாபத்தில் ஏறக்குறைய பாதி. ஆகவே கட்டணத்தை விற்பனையோடு ஒப்பிடாதீர்கள், லாபத்தோடு ஒப்பிடுங்கள் என்றேன்.

அதே கார்டு மெஷின் சொவ்வரைக் கடற்கரையில் கைவினைப் பொருள் விற்பவருக்கு நல்ல துணை. ஆயுர்வேத விடுதிகளுக்கு வரும் வெளிநாட்டுக்காரர் கையில் இருப்பது அவர் நாட்டுக் கார்டுதான். அதற்குக் கட்டணம் இன்னும் கூடுதலாக இருக்கும். ஆனாலும் நூற்றுக்கு முப்பது நாற்பது நிற்கும் சரக்கில் மூன்று நான்கு போனால் தாங்கும். மெஷின் இல்லையென்றால் அந்த வியாபாரமே நடக்காது. ஒரே பஞ்சாயத்து, இரண்டு கடை, இரண்டு விடை.

டெபிட் கார்டு சங்கதி வேறு. ரூபே டெபிட் கார்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது சட்டம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் ஒரு வரம்பு கட்டியது. ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் 0.40 சதவீதம், அதற்கு மேல் போனால் 0.90 சதவீதம். 'நான் சின்னக் கடைதானே' என்று நினைப்பவர்கள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கவேண்டும். நாளொன்றுக்கு 5,500 ரூபாய் விற்றாலே ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டிவிடும். இந்த டெபிட் கார்டுக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டவும் கூடாது. ரிசர்வ் வங்கி அதையும் சொல்லியிருக்கிறது.

மெஷின் வாடகையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மாதம் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் கார்டு வியாபாரம் 10,000 ரூபாய்தான் என்றால் வாடகையே நூற்றுக்கு நான்கு ரூபாய் ஆகிவிட்டது. அரிசிக் கடைக்காரர் அங்கேயே கணக்குப் பார்த்துவிட்டு, மெஷின் வாங்கும் எண்ணத்தைக் கைவிட்டார்.

அப்படியானால் கியூ.ஆர். அட்டை ஒன்றே போதுமே என்று ஒரு தம்பி கேட்டார். பெரும்பாலான கடைகளுக்கு ரொக்கத்தோடு அது போதும்தான். ஆனால் சொந்தக் கைப்பேசி எண்ணில் வரும் அட்டையை ஒட்டாமல், வணிகர் என்று பதிவு செய்த அட்டையை வாங்குங்கள். யு.பி.ஐ.யில் இணைத்த ரூபே கிரெடிட் கார்டிலிருந்து வரும் பணம் வணிகர் அட்டைக்குத்தான் வரும். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை அதற்குக் கட்டணமும் இல்லை. மெஷின் இல்லாமலே கிரெடிட் கார்டுக்காரரில் ஒரு பகுதியை இப்படிப் பிடித்துவிடலாம்.

இந்த இடத்தில், மீன்வலை நூலும் கயிறும் விற்கும் பெரியவர் ஒருவர் எழுந்தார். தன் கணக்கில் 62,000 ரூபாய் இருந்தும் மூன்று வாரம் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியவில்லை என்றார். யாரோ வழிப்போக்கர் யு.பி.ஐ.யில் 340 ரூபாய் கொடுத்துக் கயிறு வாங்கியிருக்கிறார். அந்தப் பணம் வேறு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றி எடுத்த பணத்தின் ஒரு துளி. அந்த ஊர்ப் போலீஸ் பணம் போன வழியைத் தேடி வர, இவருடைய வங்கி முழுக் கணக்கையும் முடக்கிவிட்டது. "நான் செய்த குற்றம் என்ன சார்?" என்று அவர் கேட்டபோது கூடம் அமைதியாகிவிட்டது.

2023-இல் கேரளத்தில் பல கடைக்காரர்களுக்கு இது நேர்ந்தது. வழக்குகள் உயர்நீதிமன்றம் போயின. போலீஸ் சந்தேகம் என்று குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்திவைக்க வேண்டும், முழுக் கணக்கையும் முடக்கக்கூடாது என்ற போக்கில் அவ்வாண்டு நீதிமன்றம் வங்கிகளுக்கு உத்தரவிட்டது. இப்படி நேர்ந்தால் வங்கியில் மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், புகார் எண் என்ன, எவ்வளவு தொகை. தொகை தெரிந்தால்தான் மீதியை விடுவிக்கச் சொல்லி மனுக் கொடுக்க முடியும். அன்றைய பில்லையும் இணைத்துக் கொடுங்கள். பில் போடாத கடைக்காரருக்கு, சரக்குக் கொடுத்துத்தான் பணம் வாங்கினேன் என்று காட்ட ஒன்றும் இருக்காது. பெரியவரும் பில் போட்டிருக்கவில்லை.

கியூ.ஆர். பணம் வருவதற்குத் தனியாக ஒரு கணக்கு வைப்பதும் நல்லது. சரக்குக்காரருக்கும் வீட்டுச் செலவுக்கும் வேண்டிய பணம் வேறு கணக்கில் இருக்கட்டும். இது முழுப் பாதுகாப்பு ஆகாது; பணம் அடுத்த கணக்குக்குப் போனால் தேடுபவர்களும் அங்கே வரலாம். ஆனால் எல்லாப் பணமும் ஒரே பூட்டுக்குள் மாட்டிக்கொள்ளும் அபாயம் குறையும்.

இனி பற்று. மலையாளத்திலும் அதைப் பற்று என்றே சொல்வதால் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை இல்லாமல் போயிற்று! கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வாரம் பணம் வரும், ஒரு வாரம் வராது. அவர்களிடம் 'ரொக்கம் அல்லது யு.பி.ஐ.' என்று பலகை மாட்டினால் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். பற்றுக்கு வங்கிக் கட்டணம் கிடையாது. ஆனால் 40,000 ரூபாய் வெளியே நின்றால் அவ்வளவு சரக்கு அலமாரியில் குறைகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, வலையில் நன்றாக விழுந்த வாரத்தில் தயங்காமல் கேளுங்கள் என்றேன். பலர் சிரித்தார்கள். கேட்பதுதான் கஷ்டம் என்பது எனக்கும் தெரியும்.

முடிக்கும்போது ஒரு அம்மா, யாரோ தன் கியூ.ஆர். அட்டை மேல் வேறு அட்டையை ஒட்டிவிட்டால் எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். தினமும் கடை திறந்தவுடன் வீட்டார் கைப்பேசியிலிருந்து அந்த அட்டைக்கு ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள், திரையில் உங்கள் கடைப் பெயர் வரவேண்டும், ஒலிப்பெட்டியும் ஒரு ரூபாய் என்று சொல்லவேண்டும் என்றேன். வாடிக்கையாளர் காட்டும் கைப்பேசித் திரையை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுக்கவேண்டாம். அந்தப் படத்தை யாரும் போலியாகச் செய்யலாம். அந்த அம்மா அங்கேயே கடையிலிருந்த மகளைக் கூப்பிட்டு ஒரு ரூபாய் அனுப்பச் சொன்னார்கள். கடைப் பெயர் சரியாகத்தான் வந்தது.