`MADURAI10` சொன்ன கணக்கும் சொல்லாத கணக்கும்

கோவை வடவள்ளியில் நானும் என் தங்கையும் பொடி வியாபாரம் செய்கிறோம். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இட்லிப் பொடி, வத்தக்குழம்புப் பொடி என்று நான்கு வகைதான். சொந்தமாக ஒரு ஷாப்பிஃபை தளம் இருக்கிறது, ஒரு வாட்ஸ்அப் எண் இருக்கிறது. சமையல் வீடியோ போடும் கிரியேட்டர்களுக்கு ஆளுக்கொரு கூப்பன் கோட் கொடுத்து, அதன் வழியே வரும் விற்பனைக்கு 10 சதவீதம் கமிஷன் என்று ஆரம்பித்தோம். வாங்குபவருக்கும் அதே கோடில் 10 சதவீதம் தள்ளுபடி. யார் கோடில் எத்தனை ஆர்டர் என்பதைத் தளமே எண்ணிவிடும், மாதக் கடைசியில் பெருக்கிப் பணம் அனுப்பினால் போதும் என்றுதான் நினைத்தோம்.

ஒரு ஜூன் மாதம், பள்ளி திறந்த நேரம், மதுரையைச் சேர்ந்த ஒரு பெண் எங்கள் பருப்புப் பொடியைக் குழந்தைகளின் டிபன் பாக்ஸுக்குக் கலந்து காட்டி ஒரு ரீல் போட்டார். அவருக்குக் கொடுத்த கோட் `MADURAI10`. மாத முடிவில் அந்தக் கோடில் 143 ஆர்டர். எங்களுக்கு அது பெரிய எண். சராசரி ஆர்டர் 600 ரூபாய், தள்ளுபடி போக 540, கமிஷன் 54. ஆக அவருக்கு 7,722 ரூபாய் சேர வேண்டும். சந்தோஷமாக அனுப்பத்தான் உட்கார்ந்தேன். தங்கைதான் நிறுத்தினாள். “அக்கா, இதுல பாதிப் பேரு நம்ம பழைய கஸ்டமருங்க. பேரைப் பார்த்தாலே தெரியுதே” என்றாள்.

பேரைப் பார்த்துச் சொல்வது கணக்காகாது. அந்த மாத ஆர்டர்களை மட்டுமல்ல, கடை தொடங்கிய நாளிலிருந்து வந்த எல்லா ஆர்டர்களையும் சிஎஸ்வி கோப்பாக இறக்கினேன். அதில் ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஆர்டரில் மூன்று பொருள் இருந்தால் மூன்று வரிகள் வரும். மொத்தத் தொகை முதல் வரியில் மட்டும் இருக்கும். `Total` காலியாக உள்ள வரிகளை முதலில் நீக்கிவிட வேண்டும், இல்லையென்றால் எண்ணிக்கை ஊதிப்போகும். பிறகு தேதிப்படி, பழையது மேலே வருமாறு அடுக்க வேண்டும். அடுத்தது போன் எண். ஒருவரே ஒருமுறை +91 போட்டிருப்பார், ஒருமுறை 0 போட்டிருப்பார், ஒருமுறை நடுவில் இடம் விட்டிருப்பார். அதனால் கடைசி பத்து இலக்கத்தை மட்டும் தனிப் பத்தியில் எடுத்து, அதே எண் மேலே உள்ள வரிகளில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணினேன். போன் எண் F பத்தியில் இருந்தால் இவ்வளவுதான்:

```
G2: =RIGHT(SUBSTITUTE(F2," ",""),10)
H2: =COUNTIF(G$1:G1,G2)
```

H பத்தியில் 0 வந்தால் புது ஆள், அதற்கு மேல் எது வந்தாலும் ஏற்கெனவே வாங்கியவர். இரண்டையும் கடைசி வரி வரை இழுத்துவிட்டு `MADURAI10` ஆர்டர்களை மட்டும் வடிகட்டினேன். ரீல் வெளியான முதல் எட்டு நாளில் 61 ஆர்டர், அவற்றில் 52 பேர் புதியவர்கள். அதன் பிறகு வந்த 82 ஆர்டரில் 24 பேர்தான் புதியவர்கள். மீதி 58 பேர் எங்களிடம் முன்பே வாங்கியவர்கள். ஒரே மாதத்துக்குள் இரண்டு வேறு கதைகள் இருந்தன. முதல் எட்டு நாள் அந்தப் பெண் கொண்டுவந்த விற்பனை. அதற்குப் பிறகு கோட் எங்கோ கசிந்திருக்கிறது.

பழைய வாடிக்கையாளர் கோட் போட்டால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். எங்கள் கணக்கில் 600 ரூபாய் ஆர்டருக்குப் பொருள், கூலி, பாக்கெட், வரி எல்லாம் சேர்ந்து 330, கூரியர் 70, ஆன்லைன் பேமென்ட்டுக்கு 12. கையில் நிற்பது 188. கோட் வழியே வந்தால் தள்ளுபடி 60, கமிஷன் 54 போய் 74 மிஞ்சும். புது ஆளுக்கு அந்த 114 ரூபாயை மனதாரக் கொடுக்கலாம், அவர் அடுத்த மாதமும் வருவார். எப்படியும் முழு விலைக்கு வாங்கியிருக்கக் கூடியவருக்காகக் கொடுத்தால் அது தண்டம்.

எங்கே கசிந்தது என்று தேடினோம். ஒரு கூப்பன் தளத்தில் எங்கள் கோட் ஏறியிருந்தது. பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் பெட்டியைப் பார்த்ததும் பலர் அப்படியே கூகுளுக்குப் போய்க் கடைப் பெயரோடு தேடுகிறார்கள். ஆனால் அந்த 58 பேரில் பெரும்பகுதி அங்கிருந்து வரவில்லை. வாட்ஸ்அப் உரையாடல்களைப் புரட்டியபோது விஷயம் புரிந்தது. “டிஸ்கவுண்ட் ஏதாவது இருக்குங்களா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் எங்களிடம் வேலை பார்க்கும் பெண்ணே `MADURAI10` போடச் சொல்லி அனுப்பியிருந்தாள். கேட்பவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவள் மேல் தப்பில்லை. அந்தக் கோட் எதற்காக இருக்கிறது என்று நாங்கள் அவளிடம் சொல்லவே இல்லை. இப்போது அப்படிக் கேட்பவர்களுக்கென்று தனியாக 5 சதவீதக் கோட் ஒன்று வைத்திருக்கிறோம். அது யார் கணக்கிலும் சேராது.

மதுரைப் பெண்ணுக்கு 7,722 ரூபாயையும் முழுதாக அனுப்பினோம். கசிந்தது எங்கள் பக்கத்தில். விதியை நடுவில் மாற்றி ஒருவருடைய உழைப்பிலிருந்து பிடிப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. அனுப்பிய கையோடு போன் செய்து, நடந்ததையெல்லாம் சொன்னேன்.

“அக்கா, நானே கேக்கணும்னு இருந்தேன். ரீல் ஓடி முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, வியூஸே இல்ல, ஆர்டர் மட்டும் எப்படிக்கா வருதுன்னு பாத்தேன்” என்றார். அன்றிலிருந்து ஒரு ரீலின் பார்வை எண்ணிக்கையையும் கோடின் ஆர்டர் எண்ணிக்கையையும் நாள்வாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பார்வை விழுந்த பிறகும் ஆர்டர் ஏறினால் அன்றைக்கே கசிவைத் தேடுகிறேன்.

புதிய ஒப்பந்தத்தை அவரோடு பேசித்தான் எழுதினோம். புது வாடிக்கையாளர் என்றால் கமிஷன் 15 சதவீதம், பழையவர் என்றால் 5. அந்த ஜூன் மாதத்தையே இந்த விகிதத்தில் போட்டுப் பார்த்தோம். 76 புதியவர்களுக்கு 81 ரூபாய் வீதம் 6,156, பழையவர்கள் 67 பேருக்கு 27 வீதம் 1,809, ஆக 7,965. அவருக்குக் குறையவில்லை. கசிவு நின்ற பிறகு புது ஆட்களுக்கான பங்குதான் அவர் வருமானமாக நிற்கும், நாங்கள் கொடுக்க விரும்புவதும் அதைத்தான்.

கோடையும் மாற்றினோம். ஊர்ப் பெயரோடு 10 என்று வைத்தால் யாரும் ஊகித்துவிடலாம். `MADURAI10` இருக்கிறதென்றால் `SALEM10` இருக்குமா என்று போட்டுப் பார்ப்பார்கள். பார்த்தும் இருக்கிறார்கள். அதற்காகத் தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் வைத்ததும் சரிவரவில்லை. ஒருவருக்கு `KARUVEPPILAI` என்று கொடுத்தோம். வீடியோவில் காதால் கேட்டவர்கள் `KARUVEPILAI` என்றும் `KARIVEPILLAI` என்றும் அடித்து, கோட் வேலை செய்யவில்லை என்று வாட்ஸ்அப்பில் வந்தார்கள். இப்போது `PODI73` மாதிரி, ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடிகிற நாலெழுத்தும் வரிசையில்லாத இரண்டு எண்ணும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எப்படி அடித்தாலும் ஷாப்பிஃபை ஏற்றுக்கொள்ளும். ஒருவருக்கு ஒரு முறை மட்டும் என்ற வரம்பையும் போட்டுவிட்டோம்.

லிங்க் மட்டும் போதாதா, கோட் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. இன்ஸ்டாகிராமில் லிங்கைத் தொட்டால் அது அந்தச் செயலிக்குள்ளேயே ஒரு உலாவியில் திறக்கிறது. அப்போது பார்த்துவிட்டு, ராத்திரி வேலையெல்லாம் முடித்துக் குரோமில் கடைப் பெயரைத் தேடி வாங்கினால், யார் அனுப்பினார் என்ற தடம் அங்கே இருக்காது. கோட் மனதில் இருக்கும், அல்லது ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறோம். கீழே உள்ளபடி லிங்க் அமைத்தால் தொட்டவுடன் தள்ளுபடி தானாக ஏறி, அந்தப் பொடியின் பக்கத்துக்கே போய்விடும். முதல் பகுதியில் உங்கள் தளத்தின் முகவரி வரும்.

```
https://yourstore.com/discount/PODI73?redirect=/products/paruppu-podi
```

இவ்வளவு செய்தும் கோட் உண்மையைக் குறைத்தும் சொல்லும். அதை எனக்குக் காட்டியவர் யூடியூபில் சமைக்கும் ஒரு வயதான அம்மா. மூன்று மாதத்தில் அவர் கோடில் ஆறே ஆர்டர். நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், ஆர்டர் முடிந்த பக்கத்தில் ‘எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?’ என்ற ஒரு கேள்வியைச் சேர்த்தோம். வாட்ஸ்அப்பில் வருபவர்களிடமும் அதையே கேட்டு எழுதிவைக்கச் சொன்னோம். அந்த ஒரே மாதத்தில் 31 பேர் அந்த அம்மாவைச் சொன்னார்கள். அவர் வீடியோவைப் பார்ப்பவர்கள் கோட் அடிப்பவர்கள் அல்ல. போன் எடுத்து, “அந்தம்மா வத்தக்குழம்புக்குப் போட்டாங்களே, அந்தப் பொடி வேணுங்க” என்று கேட்பவர்கள். அவருக்கு இப்போது வீடியோவுக்கு ஒரு தொகையும், அதற்கு மேல் கோட் கமிஷனும். அவர் கோடுக்குக் கெடு தேதி கிடையாது. ரீல் பத்து நாளில் அடங்கிவிடும். யூடியூப் வீடியோவை இரண்டு வருடம் கழித்தும் ஒருவர் தேடிப் பார்ப்பார். அவர் வந்து அடிக்கும்போது கோட் செத்திருந்தால் அந்த அம்மாவின் வார்த்தைதான் பொய்யாகும்.

கேஷ் ஆன் டெலிவரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பார்சல் வாங்கப்படாமல் திரும்பினால் போக வர கூரியர் 140 ரூபாய் போகும், மூன்று வாரம் சுற்றிவந்த பொடியை நாங்கள் மறுபடி விற்க மாட்டோம். அதனால் பொருள் போய்ச் சேர்ந்து பணம் வந்த ஆர்டருக்குத்தான் கமிஷன். இதை முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுகிறோம். கிரியேட்டர்களிடம் பான் எண்ணையும் அன்றே வாங்கிவிடுகிறோம். டிடிஎஸ் பிடிக்க வேண்டிய நிலை வரும்போது பான் இல்லாவிட்டால் 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும், பாவம் அவர்களுக்குத்தான் நஷ்டம். கமிஷன் வாங்குவதை வீடியோவிலேயே தெரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் உண்டு. 2021-இல் வந்த ஏஎஸ்சிஐ விதிகளின்படி இலவசமாகப் பொருள் வாங்கியிருந்தாலே சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி எல்லோருக்கும் ஒரு தாள் போகும். புது ஆர்டர், பழைய ஆர்டர், திரும்பியது, கேள்விக்குப் பதிலில் அவர் பெயர் சொன்னவர்கள், இவ்வளவுதான் அதில். 10-ஆம் தேதி பணம். போன மாதத் தாளைப் பார்த்துவிட்டு மதுரைப் பெண் கேட்டார்: “திரும்பினதுல எட்டு ஒரே ஏரியாவா இருக்கேக்கா, அந்தப் பக்கம் கூரியர்காரர் போன் பண்றாரான்னு பாருங்களேன்.” பார்த்தோம். எட்டுப் பேரில் ஐந்து பேருக்குப் போனே வரவில்லை. அந்தப் பின்கோடுக்கு இப்போது வேறு கூரியரில் அனுப்புகிறோம்.