கோ-கோ சொல்லித்தரலாம், கோலமாவு போதும்

நம்ம நாவலூர் அடுக்குமாடிகளில் சாயங்காலம் ஆனால் பிள்ளைகள் கீழே இறங்கிவிடுகிறார்கள், பந்தும் மட்டையும் இருக்கிற இரண்டு பேரைத் தவிர மற்றவர்கள் வேடிக்கைதான் பார்க்கிறார்கள். கோ-கோவில் ஒன்பது பேருக்கும் வேலை உண்டு, வாங்க வேண்டிய பொருளும் இல்லை. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையில் நம் ஆண்கள் நேபாளத்தை 54-36 என்றும், பெண்கள் அதே நேபாளத்தை 78-40 என்றும் வென்றார்கள். ஆண்கள் அணியில் தமிழ்நாட்டு சுப்பிரமணியும் இருந்தார் என்று சொன்னாலே பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொள்வார்கள்.

1. முழு மைதானம் 27 மீட்டர் நீளம், 16 மீட்டர் அகலம். அதற்கு நம் வளாகத்தில் இடம் கிடையாது. எட்டுக் கட்டத்துக்குப் பதில் ஐந்து போடுங்கள், ஒரு கட்டத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் ஒரு நாலு முழ வேட்டியின் நீளம் விடுங்கள். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு வேட்டி நீளம் இருந்தால் ஓட்டத்துக்குத் தாராளம்.

2. கோடு போட அரிசி மாவுக் கோலப்பொடியே நல்லது, சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும். நடுவில் நீளமாக ஒரு பட்டை, அதன் மேல் ஐந்து கட்டம், இரு முனையிலும் கம்பத்துக்கு ஒரு வட்டம். பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பிக் குழாயை நட்டுக் கம்பமாக வைக்கலாம் என்று தோன்றும். பிள்ளைகள் அதைப் பிடித்துச் சுற்றும்போது வாளியோடு சாயும், அதனால் ஆரம்பத்துக்கு வட்டமே போதும்.

3. விதிகளை ஒன்று, இரண்டு என்று வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள், நேரம் வீண். 'துரத்துகிறவர் நடுப்பட்டையைத் தாண்டக் கூடாது, ஒரு திசையில் கிளம்பிவிட்டால் திரும்பவும் கூடாது' என்ற ஒன்றை மட்டும் முதல் நாள் சொல்லுங்கள். ஓடுகிறவரோ எங்கே வேண்டுமானாலும் நுழையலாம், திரும்பலாம். அப்படியானால் அவரை எப்படிப் பிடிப்பது என்று பிள்ளைகளே கேட்பார்கள், அப்போது 'கோ' எதற்கு என்பதைச் சொன்னால் ஒரே தடவையில் பதிந்துவிடும்.

4. ஐந்து பேரையும் மாற்றி மாற்றி எதிரெதிர்ப் பக்கம் பார்த்து உட்கார வையுங்கள்: 1, 3, 5 மதில் பக்கம் பார்க்கட்டும், 2, 4 ரோட்டுப் பக்கம் பார்க்கட்டும். கோ முதுகுப் பக்கமிருந்துதான் கொடுக்க வேண்டும் என்பதால், ரோட்டுப் பக்கம் ஓடுகிறவருக்கு 1, 3, 5 மட்டுமே கைக்கு எட்டும். கோ வாங்கியவர் தான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் எழுந்து ஓடுவார், கொடுத்தவர் அதே கட்டத்தில் அதே திசை பார்த்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். இதை மறந்து வேறு பக்கம் பார்த்து உட்கார்ந்தால் வரிசையே குழம்பும், முதல் வாரம் நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

5. முதல் பத்து நிமிஷம் எல்லோரும் நடந்தே ஆடட்டும், ஓடினால் ஆட்டமிழப்பு. நடக்கும்போதுதான் யார் திரும்புகிறார்கள், யார் நடுப்பட்டையை மிதிக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரியும். கத்திக் கத்தி உங்கள் தொண்டையும் போகாது.

6. ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் பக்கம் காலி மனையெல்லாம் குளம்தான். அந்த நாட்களில் கூடத்துத் தரையில் ஐந்து ஸ்பூனை வரிசையாக வையுங்கள். காம்பு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு. ஒரு புளியங்கொட்டை துரத்துகிறவர், ஒரு கொண்டைக்கடலை ஓடுகிறவர்.

7. அதே ஸ்பூன்களில் இந்த ஒரு கட்டத்தைக் காட்டுங்கள், பாதி தந்திரம் இதிலேயே வந்துவிடும். புளியங்கொட்டை ரோட்டுப் பக்கம் 1-லிருந்து 5-ஐ நோக்கி வருகிறது, 2-ஐத் தாண்டிவிட்டது; கடலை 3-க்கும் 4-க்கும் இடையில் புகுந்து மதில் பக்கம் போய்விட்டது. இப்போது 3-க்குக் கோ கொடுத்தால் அவர் எழுவது மதில் பக்கம், கடலை கை நீட்டும் தூரத்தில். பிடித்துவிடலாம் என்ற ஆசையில் 3-ஐத் தாண்டிவிட்டால் திரும்ப முடியாது, அடுத்துக் கோ கொடுக்கக்கூடியவர் 5-தான். அதற்குள் கடலை நிதானமாக 1-ஐ நோக்கி நடந்துவிடும், 5 எழுந்து மைதானம் முழுக்க ஓட வேண்டியிருக்கும். தவறவிட்ட ஒரு கோவுக்கு இவ்வளவு விலை என்று பார்த்த பிள்ளை, மறுநாள் தானே ஓடிப் பிடிக்கிற ஆசையைக் குறைத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் கூட்டு ஆட்டத்தைப் பற்றி இதற்கு மேல் வாயால் சொல்ல வேண்டியதே இல்லை.

8. 'தொட்டான், தொடவில்லை' சண்டையில் பாதி நேரம் போகிறதா? துரத்துகிறவர் உள்ளங்கையில் கொஞ்சம் கோலப்பொடி தடவிவிடுங்கள், முதுகில் வெள்ளை விழுந்தால்தான் கோ. ஓடுகிறவரைத் தொட்டதற்கும் இதே சாட்சி. பழைய சட்டை போட்டு அனுப்புங்கள், உதறினால் போய்விடும்.

9. உட்கார்ந்திருக்கிறவர் சும்மா இருக்கிறார் என்று நினைத்தால் ஆட்டம் கெட்டது. முழுக்கால் தரையில் பதியாமல் முன்பாதத்தில் எடை வைத்து, கண்ணை ஓடுகிறவர் மேலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். கோ விழுவதற்கு முன்பே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று அவர் முடிவு செய்திருக்க வேண்டும். அவசரத்தில் முன்கூட்டியே எழுந்தால் ஃபவுல், அப்போது துரத்துகிறவர் போன திசைக்கு எதிராகப் போக வேண்டும், ஓடுகிறவருக்கு மூச்சு வாங்க நேரம் கிடைத்துவிடும். இரண்டு கை விரல்களும் தரையைத் தொட்டபடி உட்கார வைத்தால் முன்கூட்டி எழுவது உங்கள் கண்ணுக்கு உடனே தெரியும்.

10. ஓடுகிறவர்கள் மூன்று மூன்று பேராக இறங்குவார்கள். மூவரும் ஒரே இடத்தில் கும்பலாக ஓடினால் ஒரே கோவில் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் துரத்துகிறவரை இழுத்துக்கொண்டு கட்டத்துக்குக் கட்டம் வளைந்து ஓட, மற்ற இருவரும் எதிர்முனையில் ஓய்வெடுக்கட்டும். களைத்தவர் கை தூக்கினால் அடுத்தவர் வேலையை வாங்கிக்கொள்வது என்று வீட்டிலேயே பேசிவைத்து வரலாம். பெரியவர்களுக்கு ஒரு முறை 9 நிமிஷம், நம் பிள்ளைகளுக்கு மூன்று நிமிஷமே நிறைய.

11. 2022-இல் அல்டிமேட் கோ-கோ போட்டி தொடங்கியதிலிருந்து சென்னை குயிக் கன்ஸ் ஆட்டக்காரர்கள் பாய்ந்து விழுவதைப் பார்த்துப் பிள்ளைகளும் சிமென்ட் தரையில் விழப் பார்க்கிறார்கள். முகவாய் கிழியும், அனுமதிக்காதீர்கள். ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கோவளம் கடற்கரைக்குக் கூட்டிப் போங்கள், தண்ணீரை விட்டுத் தள்ளி மணலில் பாயட்டும், பஸ் காசோடு முடிந்தது.

12. கெட்டிக்காரப் பிள்ளையை எப்போதும் முதலில் துரத்த விடாதீர்கள், நடுக்கட்டமான 3-இல் உட்கார வையுங்கள். அங்கேதான் ஓடுகிறவர் அதிகம் புகுந்து வெளியேறுவார். நெட்டையான பிள்ளைக்கு 5-ஆம் கட்டம் பொருத்தம், முனை வட்டத்தைச் சுற்றி நழுவுகிறவரை எட்டித் தொட அந்தக் கை நீளம் உதவும்.

13. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இரண்டே கணக்கு எழுதுங்கள்: ஒவ்வொரு ஓட்டக்காரரும் எத்தனை விநாடி தாக்குப்பிடித்தார், அதற்குள் எத்தனை கோ விழுந்தது. நேரம் நீண்டும் கோ குறைவாகவும் இருந்தால் யாரோ ஒருவர் தனியாகவே ஓடிப் பார்த்திருக்கிறார், அவருக்கு ஏழாவது குறிப்பின் ஸ்பூன்களை மறுபடி வையுங்கள். கோவும் நிறைய விழுந்து, ஆளும் சிக்கவில்லை என்றால் எழுகிறவர்கள் தவறான பக்கம் திரும்புகிறார்கள் என்று அர்த்தம், ஒன்பதாவது குறிப்புக்குப் போங்கள்.