‘உயர்தரம்’ என்றால் எத்தனை பீஸ்?

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனி பையருக்கு நீ எழுதிய புரொபோசலைப் படித்தேன். 5,000 டி-ஷர்ட், 180 ஜிஎஸ்எம், காட்டன் சிங்கிள் ஜெர்சி. விலைக் கணக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் ‘உயர்தரம்’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறாயே, அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. திருப்பூரில் எந்த யூனிட்டின் புரொபோசலை எடுத்தாலும் இதே சொல்தான் இருக்கும். பையர் உன்னையும் பக்கத்து யூனிட்டையும் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்?

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு இப்படி எழுது: ‘ஐஎஸ்ஓ 2859-1, ஜெனரல் லெவல் 2, மேஜர் குறைகளுக்கு ஏக்யூஎல் 2.5.’ உன் 5,000 பீஸுக்கு அதன் பொருள், கலந்து எடுத்த 200 பீஸைச் சோதிப்பார்கள். 10 மேஜர் குறை வரை சரக்கு பாஸ், 11 ஆனால் ரிஜெக்ட். எது மேஜர் என்பதையும் எழுத வேண்டும். ஓட்டை, தையல் விட்டது, ஒரே பீஸில் கைக்கும் உடலுக்கும் ஷேட் மாறுவது, மார்பளவு 1 சென்டிமீட்டருக்கு மேல் விலகுவது என்று பெயர் சொல்லி எழுது. ரிஜெக்ட் ஆனால் மொத்தச் சரக்கையும் யார் செலவில் மறுபடி செக் செய்வது என்பதும் அங்கேயே வரட்டும். இன்னொன்று, ‘குறை 2.5 சதவீதத்தைத் தாண்டாது’ என்று மட்டும் எழுதிவிடாதே. 200-இல் 10 என்பதே 5 சதவீதம். ஏக்யூஎல் என்பது சாம்பிள் எடுத்துச் சரக்கை ஏற்பதற்கான விதி. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பீஸுக்கும் நீ தரும் உத்தரவாதம் ஆகாது.

அடுத்து, ‘சுருங்குதல் மிகக் குறைவு’ என்ற வரி. இதில் எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு. நான் மெர்ச்சண்டைசராக இருந்த ஒரு யூனிட்டில் முதலாளி ‘சுருங்குதல் 5 சதவீதத்துக்குள்’ என்று எழுதி ஆர்டர் பிடித்தார். எண் போட்டாயிற்று என்று எல்லோருக்கும் நிம்மதி. எங்கள் லேபில் துவைத்துக் கொடியில் காயப்போட்டுப் பார்த்தோம், 4 சதவீதம். பையர் அதே துணியைத் துவைத்து டம்பிள் டிரையரில் போட்டார், 8 சதவீதம். 70 சென்டிமீட்டர் நீளமுள்ள சட்டையில் 5 சதவீதம் என்றால் மூன்றரை சென்டிமீட்டர். 8 சதவீதம் என்றால் ஐந்தரைக்கும் மேல். பையர் சட்டை குட்டையாகிவிட்டது என்றார், எங்கள் ஆட்கள் ரிப்போர்ட்டைக் காட்டினார்கள். காம்பாக்டிங்கில் இழுவையை அடக்கிவிட்டதாக நினைத்தாலும், டிரையரின் சூட்டிலும் உருட்டலிலும் நிட் துணி தன்னிடம் மிச்சமிருக்கும் இழுவையை எல்லாம் விட்டுவிடும். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. எப்படி அளப்பது என்பதை யாரும் எழுதவில்லை, அவ்வளவுதான். கடைசியில் சரக்கு தள்ளுபடி விலைக்குத்தான் போனது.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், அளக்கும் முறையைச் சொல்லாத எண்ணும் ‘மிகக் குறைவு’ என்பதற்குச் சமம்தான். ‘ஐஎஸ்ஓ 6330 முறையில் 40 டிகிரியில் மூன்று முறை துவைத்து, டம்பிள் டிரை செய்தபின் நீளத்திலும் அகலத்திலும் 5 சதவீதத்துக்குள்’ என்று எழுது. உன் துணி அதைத் தாங்குமா என்று முதலில் லேபில் போட்டுப் பார். தாங்காவிட்டால் 7 என்று எழுது. அல்லது வாஷ் கேர் லேபிளில் டிரையர் கூடாது என்று போட பையர் சம்மதிப்பாரா என்று கேள்.

‘உரிய நேரத்தில் டெலிவரி’ என்பதும் இதே வியாதிதான். 45 நாள் என்று எழுதினாலும் எந்த நாளிலிருந்து? நீ பிபி சாம்பிள் அப்ரூவல் வந்த நாளிலிருந்து எண்ணுவாய், அவர் பிஓ போட்ட நாளிலிருந்து எண்ணுவார். எங்கே முடிகிறது, ஃபேக்டரி வாசலிலா, தூத்துக்குடியில் கப்பல் ஏறும்போதா? இரண்டு முனையையும் எழுது. எத்தனை நாள் என்ற எண்ணை உன் பழைய ஆர்டர் ஃபைலிலிருந்து எடு. சராசரியை எடுக்காதே, சராசரியைச் சொன்னால் ஏறக்குறைய பாதி ஆர்டர் தாமதமாகத்தான் போகும். கடந்த பத்து ஆர்டரில் ஒன்பது எத்தனை நாளுக்குள் முடிந்ததோ அதைச் சொல். மீதி ஒன்று சாயப்பட்டறையில் நின்றதா, தையலில் நின்றதா என்பதும் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையர் கட்டாயம் கேட்பார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: ‘கட்டிங் தொடங்கிய நாளிலிருந்து தினமும் மாலை 6 மணிக்குள் கட்டிங், தையல், பேக்கிங் மூன்றின் எண்ணிக்கையையும் அனுப்புவோம்.’ அபாரம்! இந்தத் தொழிலில் இவ்வளவு காலத்தில் இப்படி ஒரு வரியை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ‘வெளிப்படைத்தன்மை’ என்று மற்றவர்கள் எழுதும் இடத்தில் நீ ஒரு நேரத்தையும் மூன்று எண்ணையும் வைத்திருக்கிறாய். அனுப்பவில்லை என்றால் அன்று மாலையே பையருக்குத் தெரிந்துவிடும். அந்த வரியை முதல் பக்கத்துக்குக் கொண்டு போ.

வாஷ் டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் அதோடு சேர்த்து புரொபோசலைத் திருத்தி எனக்கு அனுப்பு. பையருக்கு அதற்குப் பிறகு போகட்டும்.

அன்புடன்,
அண்ணன்