லாபம் யாருடையது? தலைமை நிர்வாகியின் சுயவிவரத்தை நிறுத்துப் பார்ப்பது எப்படி

பேராக் மாநிலத்தில் தோட்டத் தொழில் நடத்தும் ஒரு கம்பெனி தனக்குத் தலைமை நிர்வாகி தேவையென்று விளம்பரம் செய்கிறபோது, மூன்று நிபந்தனைகள் அதில் அநேகமாகத் தவறாமல் இடம் பெற்றுவிடுகின்றன: லாப நஷ்டப் பொறுப்பைத் தாங்கிய அனுபவம், வியூகம் வகுத்த அனுபவம், இயக்குநர் சபைக்கு அறிக்கை சமர்ப்பித்த அனுபவம். வந்து குவிகிற சுயவிவரங்களிலும் இந்த மூன்றும் அதே வரிசையில், பல சமயம் அதே சொற்களிலேயே காணப்படுகின்றன. விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட சுயவிவரம் விளம்பரத்தோடு பொருந்துவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆகையால் சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டு மதிப்பெண் போடுகிற தேர்வுக்குழு, நிர்வாகத் திறமையை அல்ல, விளம்பரத்தைக் கவனமாகப் படிக்கும் திறமையைத்தான் அளந்து கொண்டிருக்கிறது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கம்பெனியையும் மூன்று விண்ணப்பதாரர்களையும் கற்பித்துக் கொள்வோம். கம்பெனிக்கு ஈப்போவில் தலைமை அலுவலகம்; சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்தில் ஒரு காலத்தில் ரப்பர்க் காடாக இருந்து இப்போது செம்பனையாக மாறிவிட்ட 5,000 ஹெக்டேர் நிலம்; சொந்தமாக ஓர் எண்ணெய் ஆலை. முதலாம் விண்ணப்பதாரர் ஒரு பெரிய தோட்டக் குழுமத்தில் சின்னத் துரையாகத் தொடங்கி, இதே அளவு பரப்புள்ள ஒரு வட்டாரத்துக்கே மேலாளராக உயர்ந்தவர். இரண்டாமவர் கமுண்டிங்கில் ஒரு நடுத்தர ரப்பர்ப் பொருள் தொழிற்சாலையைக் குடும்ப முதலாளிகளுக்காகத் தலைமை ஏற்று நடத்துபவர். மூன்றாமவர் பங்குச் சந்தையில் பதிவு பெற்ற ஒரு கம்பெனியின் நிதித்துறைத் தலைவர். மூவரும் மேற்கண்ட மூன்று தகுதிகளும் தமக்கு உண்டென்றே எழுதியிருக்கிறார்கள்.

முதலாமவரின் சுயவிவரத்தில் கண்ணைப் பறிக்கிற வாக்கியம், 2020 முதல் 2022 வரை தம் வட்டாரத்தின் லாபத்தை 1 கோடியே 40 லட்சம் வெள்ளியிலிருந்து 4 கோடியே 69 லட்சமாக உயர்த்தினார் என்பது. மும்மடங்குக்கும் மேலான இந்த உயர்வைப் பாராட்டுவதற்கு முன், அதே ஆண்டுகளில் கச்சாச் செம்பனை எண்ணெயின் விலை என்ன செய்தது என்று கேட்பதே முறை. 2020-இல் டன்னுக்குச் சராசரியாகச் சுமார் 2,700 வெள்ளியாக இருந்த அந்த விலை, 2022-இல் சுமார் 5,100 வெள்ளிக்குப் போயிற்று. 2023-இல் சுமார் 3,800 வெள்ளிக்குத் திரும்பவும் இறங்கிற்று. இந்த ஏற்றத்திலோ இறக்கத்திலோ பேராக்கில் எந்தத் துரைக்கும் பங்கு கிடையாது.

கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம். 2020-இல் அவருடைய வட்டாரம் 20,000 டன் எண்ணெய் தந்தது. வருமானம் 5 கோடியே 40 லட்சம், செலவு 4 கோடி. 2022-இல் தந்தது 19,000 டன். வருமானம் 9 கோடியே 69 லட்சம், செலவு 5 கோடி. (பருப்பு வருமானத்தையும், விலை ஏறும்போது அரசாங்கம் விதிக்கிற தனி வரியையும் எளிமைக்காக விட்டுவிட்டேன்.) இப்போது 2022-ஆம் ஆண்டின் 19,000 டன்னைப் பழைய 2,700 வெள்ளி விலைக்கே விற்றதாக வைத்துக்கொண்டால் வருமானம் 5 கோடியே 13 லட்சம்தான், செலவு போக மிஞ்சுவது 13 லட்சம். விலை தந்த கொடையை ஒதுக்கி வைத்தால், 1 கோடியே 40 லட்சமாக இருந்த லாபம் அவர் கையில் 13 லட்சமாகச் சுருங்கியிருக்கிறது என்பதே உண்மை. சுயவிவரத்தில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளம் படகை உயர்த்தியதைப் படகோட்டியின் பெயரில் எழுதியிருக்கிறது.

இதனால் அவரைத் தள்ளிவிடலாமா என்றால், அவசரப்படக் கூடாது. அந்தச் சரிவும் முழுக்க அவருடைய குற்றம் அல்ல. தொற்றுக்காலத்தில் எல்லைகள் மூடப்பட்டு, அந்நியத் தொழிலாளர் வரவு நின்று, தோட்டங்களெல்லாம் ஆள் பஞ்சத்தில் தவித்தன. உர விலையும் பின்னர் எகிறிற்று. குழுமத் தோட்டமொன்றில் எண்ணெய் விற்பனை தலைமை அலுவலகத்தின் கையில். உரத்தின் அளவை வேளாண் ஆலோசகர் நிர்ணயிக்கிறார். கூலியைச் சட்டமும் தொழிற்சங்க ஒப்பந்தமும் நிர்ணயிக்கின்றன. மேலாளருக்கு மிஞ்சுவது அறுவடைச் சுற்று, உதிரிப்பழம் பொறுக்குதல், குலை ஆலைக்குப் போய்ச் சேரும் வேகம், ஆட்களைப் பங்கிடும் விதம் ஆகியவையே. ஆகவே அவரிடம் லாபத்தைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. 2021-இல் அறுவடைச் சுற்று எத்தனை நாளாயிற்று என்று கேட்க வேண்டும். சாதாரணமாகப் பத்து நாளுக்கு ஒரு முறை வர வேண்டிய சுற்று இருபது நாளுக்கும் மேல் இழுத்த அந்தக் காலத்தில், பழம் கனிந்து உதிர்ந்து மரத்தடியிலேயே அழுகிப் போன தோட்டங்கள் பல. அதைப் பதினைந்து நாளுக்குள் பிடித்து நிறுத்தியவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். அவர் அதை எழுதாமல் லாபத்தை எழுதியிருப்பது சுயவிவரம் எழுதும் கலையின் குறையே ஒழிய, அவர் குறை ஆகாது. ஆயினும் அப்படிப்பட்டவர் தாங்கியது செலவுப் பொறுப்பு. லாப நஷ்டப் பொறுப்பு அன்று.

இரண்டாமவரின் எண்கள் பார்ப்பதற்கு மிகச் சாதாரணமானவை. தொழிற்சாலையின் ஆண்டு விற்பனை 3 கோடி வெள்ளி. நான்கு ஆண்டுகளில் லாபம் 20 லட்சத்திலிருந்து 27 லட்சமாயிற்று. ஆனால் ரப்பர்ப்பால் எங்கே, என்ன விலைக்கு, எத்தனை மாதத்துக்கு வாங்குவது, வாடிக்கையாளருக்கு விலை எவ்வளவு கூட்டிச் சொல்வது, கடன் வாங்கி இயந்திரம் போடுவதா பொறுப்பதா, நஷ்டம் தருகிற சரக்கை நிறுத்துவதா தொடர்வதா என்கிற நான்கும் அவர் தீர்மானத்தில் இருந்தன. லாப நஷ்டப் பொறுப்பென்று நான் ஒப்புக்கொள்வது இதையே: விலையிலும் செலவிலும் முதலீட்டிலும் ஒருவருக்குக் கை இருக்க வேண்டும், ஓராண்டு நஷ்டம் வந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவராகவே இருக்க வேண்டும். இதைக் கண்டறிய நேர்முகத்தில் ஒரு கேள்வி போதும்: யாருடைய அனுமதியும் கேளாமல் எவ்வளவு தொகை வரை கையெழுத்திட உங்களுக்கு அதிகாரம் இருந்தது? பொறுப்பை மெய்யாகவே தாங்கியவர் தொகையை உடனே சொல்லிவிடுவார். மற்றவர் தம் குழுமத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்குவார்.

வியூகம் என்ற இரண்டாவது நிபந்தனைக்கு உரைகல், எதை வேண்டாமென்று விட்டார் என்பதே. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, வெளிநாட்டுக் கம்பெனிகள் விற்றுவிட்டுப் போன தோட்டங்கள் துண்டு துண்டாக்கப்பட்டு, தொழிலாளிகள் வேலையும் வீடும் இழந்து கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு வாங்கிக் கொடுப்பது கேட்பதற்கு இனிப்பான யோசனை. அதை ஒதுக்கிவிட்டு, மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தி நூறு வெள்ளிப் பங்கு பெறும் தொழிலாளிகளின் பணத்தைத் திரட்டித் தோட்டத்தை முழுத் தோட்டமாகவே வாங்குவது என்று அவர் தீர்மானித்தார். ஒன்றைத் தேர்ந்து மற்றொன்றைத் துறந்த அத்தகைய தீர்மானத்தின் தடயம் சுயவிவரத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும். ஐந்தாண்டுத் திட்டம் தயாரித்தேன் என்பது தடயம் ஆகாது.

செம்பனைத் தொழிலில் இதைச் சோதிக்க இன்னும் நேரான வழி உண்டு. ஒரு மரத்தின் பலன்தரும் ஆயுள் சுமார் 25 ஆண்டு. ஆகையால் 5,000 ஹெக்டேரில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 200 ஹெக்டேர் மறுநடவு ஆக வேண்டும். மறுநடவு செய்த நிலம் சுமார் மூன்று ஆண்டு வரை விளைச்சல் தராமல் பணத்தை விழுங்குவதால், அதைத் தள்ளிப் போடுகிற மேலாளரின் லாபம் அவர் இருக்கும் வரையில் அழகாகத் தெரியும். அவருக்குப் பின் வருகிறவர் உயரம் மிஞ்சிய கிழ மரங்களோடு போராடுவார். முதலாமவர் தாம் இருந்த ஆறு ஆண்டுகளில் எத்தனை ஹெக்டேர் மறுநடவு செய்தார் என்ற ஒரே விவரம் அவருடைய வியூகத்தையும் லாபத்தையும் சேர்த்தே அம்பலப்படுத்திவிடும். அது 1,200-ஐ ஒட்டி இருந்தால் நான் அவரை மறுபடியும் மரியாதையோடு பார்ப்பேன். 300 என்றால் லாபத்தில் ஒரு பகுதி அடுத்தவரிடம் வாங்கிய கடன்.

மூன்றாவது நிபந்தனையில் நிதித்துறைத் தலைவர் மற்ற இருவரையும் எளிதில் மிஞ்சிவிடுகிறார். பதிவு பெற்ற கம்பெனி காலாண்டு முடிந்த இரண்டு மாதத்துக்குள் தன் கணக்கை வெளியிட்டாக வேண்டுமாதலால், ஆண்டுக்கு நான்கு முறை தணிக்கைக் குழுவின் முன்னும் சபையின் முன்னும் அமர்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்ன பழக்கம் அவருக்கு உண்டு. ஆயினும் இங்கேயும் அறிக்கையைத் தயாரித்தவர், வாசித்தவர், அதற்குப் பொறுப்பாளி ஆகிய மூவரும் வெவ்வேறு மனிதர்களாக இருக்கக் கூடும். சபை திருப்பி அனுப்பிய அல்லது மறுத்த உங்கள் யோசனை ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் வேற்றுமை தெரிந்துவிடும். தயாரித்தவர் மட்டுமே என்றால் மறுக்கப்பட்டது தலைமை நிர்வாகியுடைய யோசனையாகவே இருக்கும்.

எண்களின் மெய்ம்மையைச் சரிபார்ப்பது பலர் நினைக்கிற அளவு கடினமன்று. ஈப்போவிலுள்ள கோலாலம்பூர் கெப்போங், தெலுக் இந்தான் அருகே ஜெண்டராத்தாவிலுள்ள யுனைடெட் பிளான்டேஷன்ஸ் போன்ற பதிவு பெற்ற கம்பெனிகள் ஹெக்டேர் விளைச்சலையும் பிழிந்தெடுக்கப்பட்ட எண்ணெயின் சதவீதத்தையும் ஆண்டறிக்கையில் வெளியிடுகின்றன. அந்தந்த ஆண்டின் பொதுப் போக்கு அவற்றிலிருந்தே விளங்கிவிடும். தனியார் கம்பெனியின் கணக்கு நகலைக் கம்பெனிகள் ஆணையத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். விலக்குப் பெற்ற சிறு குடும்பக் கம்பெனியானால் அங்கே அது கிடைக்காமல் போகலாம், அப்போது முதலாளியையோ வங்கி அதிகாரியையோ விண்ணப்பதாரரின் சம்மதத்துடன் விசாரிப்பதே வழி.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டாமவரையே முதலில் அழைப்பேன். அவருக்குச் செம்பனை தெரியாது, சபையும் தெரியாது. தோட்டத்தை அறிந்த மூத்த மேலாளர்களும் தேர்ந்த கம்பெனிச் செயலாளர் ஒருவரும் உடனிருந்தால் இவ்விரண்டையும் ஓராண்டில் கற்றுக்கொள்ளலாம், ஆனால் நஷ்டத்தைத் தம் நஷ்டமாக உணர்கிற பழக்கத்தை ஐம்பது வயதுக்கு மேல் யாரும் கற்றுக்கொடுக்க முடிவதில்லை. தோட்டங்களில் அத்தகைய மூத்த மேலாளர்கள் இல்லையென்றால், மறுநடவுக் கணக்குச் சரியாக இருக்கும் பட்சத்தில் முதலாமவரே மேல். கம்பெனி கடனில் மூழ்கி, வங்கிகளோடும் பங்குச் சந்தையோடும் வழக்காடிக் கொண்டிருக்கும் நிலைமையில் மட்டும் மூன்றாமவருக்கு முதலிடம் தருவேன்.

இறுதிச் சுற்றில் இருவரை வைத்துக்கொண்டு, கம்பெனியின் மூன்றாண்டுக் கணக்கையும் மரங்களின் வயது அட்டவணையையும் அவர்களிடம் கொடுத்து, அடுத்த ஆண்டு எண்ணெய் விலை 3,000 வெள்ளிக்கு இறங்கினால் மறுநடவைக் குறைப்பதா வேண்டாமா என்பதைப் பற்றி இயக்குநர் சபைக்கு இரண்டு பக்கத்துக்கு மிகாத ஓர் அறிக்கை ஒரு வாரத்தில் எழுதித் தரச் சொல்லலாம். அறிக்கையின் முதல் பத்தியிலேயே தீர்மானம் சொல்லப்பட்டிருக்கிறதா, அது தவறிப்போனால் நேரக்கூடிய நஷ்டத்தின் தொகை எங்கேனும் எழுதப்பட்டிருக்கிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும்.