ரெண்டு எண், ரெண்டு வாக்கியம்: கரண்ட் பில்லில் ஒரு ரிக்ரஷன்

போன எபிசோடில் நேர்கோட்டு ரிக்ரஷன் பத்திப் பேசினோம். கோடு போடுறது ஈஸி. ஆனா முதல் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் பலர் தடுமாறுவது அதை வாக்கியமா எழுதும்போதுதான். மான்ட்ரியலிலிருந்தே ஒரு உதாரணம் பார்ப்போம்.

இங்கே நிறைய வீடுகளில் பேஸ்போர்டு ஹீட்டர் கரண்டில்தான் ஓடுது. ஹைட்ரோ-கியூபெக் கணக்கில் நுழைந்தால் தினசரி யூனிட் கணக்கே கிடைக்கும். ஒரு மூன்றரை அபார்ட்மென்டின் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான கணக்கையும், அந்தந்த நாளின் சராசரி வெப்பநிலையையும் எடுத்து இப்படி ஒரு கோடு வந்ததுன்னு வெச்சுக்குவோம்:

```
kwh = 28 - 1.4 * temp
```

முதலில் சாய்வு, அதாவது -1.4. "சாய்வு எதிர்மறை" என்று எழுதி நிறுத்திடாதீங்க. இப்படி எழுதுங்க: "ஒரு நாள் இன்னொரு நாளைவிட 1 டிகிரி குளிராக இருந்தால், அன்று சராசரியாக 1.4 யூனிட் கூடுதலாகச் செலவாகியிருக்கிறது." இதில் "சராசரியாக" என்ற சொல் முக்கியம், ஒவ்வொரு நாளும் கோட்டின் மேலேயே உட்காராது. "குளிர்தான் காரணம்" என்றும் எழுதல, கவனிச்சீங்களா? கடுங்குளிர் நாட்களில் நாம வீட்டிலேயே இருந்து அதிகமாச் சமைப்போம். அதுவும் இந்த 1.4-க்குள்ள கலந்திருக்கும்.

அடுத்து வெட்டுத்துண்டு, 28. இது temp பூஜ்யமா இருக்கும்போது கோடு சொல்லும் மதிப்பு: "சராசரி வெப்பநிலை 0 டிகிரியாக உள்ள நாளில் சுமார் 28 யூனிட் செலவாகும் என மதிப்பிடுகிறோம்." இதை "ஹீட்டர் இல்லாத அடிப்படைச் செலவு" என்று எழுதிட்டா தப்பு. 0 டிகிரியில் ஹீட்டர் நல்லாவே ஓடுமே!

மான்ட்ரியலில் 0 டிகிரி நாள் நிஜமா வரும், அதனால் இந்த 28-க்கு அர்த்தம் உண்டு. இதையே சென்னையில் ஏசி செலவுக்குச் செய்தால்? அங்கே 0 டிகிரியே கிடையாது. வெட்டுத்துண்டு வெறும் கணக்குக்கு வந்த எண். அப்போ temp-க்குப் பதில் `temp - 30` போடுங்க. சாய்வு மாறாது, வெட்டுத்துண்டு 30 டிகிரி நாளின் சராசரிச் செலவாகிடும்.

கடைசியா ஒரு சோதனை. நம்ம கோட்டில் ஜூலை மாத 25 டிகிரியைப் போடுங்க: 28 - 35 = -7 யூனிட். ஃபிரிட்ஜ் ஓடிக்கிட்டிருக்கிற வீட்டில் மைனஸ் செலவா? சுமார் 18 டிகிரிக்கு மேல் ஹீட்டருக்கு வேலையில்லை. அங்கே கோடு தட்டையாகிடும், ஏசி போட்டால் மேலேகூடத் திரும்பும். அதனால் ரிப்போர்ட்டில் மூணாவதா ஒரு வரி சேருங்க: "இந்தக் கோடு ஜனவரி முதல் ஏப்ரல் வரை பதிவான வெப்பநிலைகளுக்கு மட்டுமே பொருந்தும்."

அடுத்த எபிசோடில் சந்திப்போம்!