போனவர் விட்டுச்சென்ற வார்த்தைகள்

பி.காம் முடித்த என் அக்கா மகள் போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு வேலை விளம்பரத்தை அனுப்பி, "இதுக்குப் போலாங்களா சித்தி?" என்று கேட்டாள். கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் உதிரிபாகங்களை மொத்தமாக விற்கும் ஒரு சிறிய நிறுவனம். விளம்பரம் இதுதான்:

"உடனடித் தேவை. ஆபீஸ் அட்மின் கம் அக்கவுண்ட்ஸ். பெண்கள் மட்டும். டேலி, ஜிஎஸ்டி நன்கு தெரிந்திருக்க வேண்டும். அனுபவம் 0 முதல் 5 வருடம். சம்பளம் ரூ.12,000 முதல் ரூ.25,000 வரை. நேரம் 9.30 முதல் 6.30 வரை, தேவைப்பட்டால் கூடுதல் நேரம். பொறுமையும் நீண்ட காலம் பணிபுரியும் எண்ணமும் உள்ளவர்கள் மட்டும் அழைக்கவும். டூ வீலர் அவசியம். எங்கள் நிறுவனம் ஒரு குடும்பம் போன்றது."

நான் பல வருடம் இந்த ஊர் நிறுவனங்களில் ஹெச்.ஆர் வேலை பார்த்தேன். இப்படிப்பட்ட விளம்பரங்களை எழுதியதும் நான்தான். அதனால் அவை எப்படிப் பிறக்கின்றன என்று தெரியும். ஒருவர் வேலையை விட்டுப் போவார். முதலாளியோ மேனேஜரோ கூப்பிட்டு, "இந்தத் தடவை இப்படி ஒரு ஆள் வேணும்" என்பார். அந்த 'இப்படி' என்பது போனவரோடு அவருக்கு இருந்த மனத்தாங்கல். ஒரு நிறுவனத்தில் டெலிகாலர் வேலைக்கு மூன்று பேர் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் விளம்பரத்தில் 'பொறுமை' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னார்கள். வாடிக்கையாளர்கள் அந்தப் பெண்களைத் திட்டித் தீர்த்தது எனக்குத் தெரியும். பொருளை நேரத்துக்கு அனுப்பாத குறையை யாரும் சரி செய்யவில்லை. பொறுமையான ஆள் வேண்டும் என்றார்கள், நானும் எழுதிக் கொடுத்தேன். அதற்காக இன்றும் வருத்தப்படுகிறேன்.

அதனால் விளம்பரத்தில் எந்தக் குணத்தை அழுத்திக் கேட்கிறார்களோ, அந்த இடத்தில் போன ஆளுக்கு என்ன நடந்திருக்கும் என்று முதலில் யோசிக்க வேண்டும். மேலே உள்ளதில் அப்படி இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: பொறுமை, நீண்ட காலம். ஆட்கள் சீக்கிரம் போய்விடுகிறார்கள், போவதற்கு யாருடைய கோபமோ காரணம் என்று நான் படிப்பேன். இது ஊகம்தான். ஆனால் நேர்காணலில் ஒரே கேள்வியில் சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம்.

எல்லாச் சொல்லுக்கும் இப்படிப் பொருள் தேடக் கூடாது. பாதி விளம்பரம் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டியதாக இருக்கும். 'டைனமிக்', 'டீம் பிளேயர்', 'ஏபிள் டு ஒர்க் அண்டர் பிரஷர்' போன்றவை எழுதுபவர் யோசிக்காமலே வந்து விழுகிறவை, கன்சல்டன்சி மூலம் வரும் விளம்பரங்களில் இன்னும் அதிகம். அந்த நிறுவனமே எழுதிய வரியைக் கண்டுபிடிப்பது சுலபம். அது குறிப்பாக இருக்கும், கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும், மற்ற வரிகளோடு ஒட்டாது. இந்த விளம்பரத்தில் 'டூ வீலர் அவசியம்' அப்படி ஒரு வரி. நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலைக்கு வண்டி எதற்கு? பேங்குக்குப் போக, செக் வாங்கிவர, கொரியர் ஆபீசுக்கு ஓட. இதைத்தான் 'அட்மின்' என்ற சொல் மூடி வைத்திருக்கிறது. பெட்ரோல் காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

வேலைப் பளு 'கம்' என்ற சின்ன ஒட்டுச் சொல்லில் இருக்கிறது. இரண்டு நாற்காலியை ஒருவரிடம் கொடுக்கிறார்கள். அது தாங்குமா என்பதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். அக்கா மகளோடு உட்கார்ந்து போட்டோம். உதிரிபாக மொத்த வியாபாரத்தில் ஒரு நாளைக்கு 60 பில் என்று வைத்துக்கொள்வோம். சரக்கின் பெயர், அளவு, விலை, வரி எல்லாம் சரிபார்த்து டேலியில் ஏற்ற ஒரு பில்லுக்கு 4 நிமிடம் என்றால் 4 மணி நேரம். பேங்க், கொரியர் என்று வெளியே போய்வர ஒன்றரை மணி நேரம். காலை 9.30 முதல் மாலை 6.30 வரை 9 மணி நேரம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி போனால் எட்டே கால். மிஞ்சுவது இரண்டே முக்கால் மணி நேரம். கொள்முதல் பில்களை ஏற்றுவது, பாக்கிப் பணம் கேட்டு போன் செய்வது, வருகைப் பதிவு, வருகிறவர்களைக் கவனிப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். சாதாரண நாளில் மூச்சு முட்டினாலும் முடிந்துவிடும். சாதாரணமில்லாத நாட்கள் எவை என்பதுதான் கேள்வி.

'தேவைப்பட்டால் கூடுதல் நேரம்' என்ற வரியில் அதற்குப் பதில் இருக்கிறது. பல வேலைகளில் இந்த வரி எந்த நாளையும் குறிக்கலாம். கணக்கு வேலையில் அதற்குக் காலண்டர் உண்டு. டிடிஎஸ் பிடித்திருந்தால் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதாமாதம் தாக்கல் செய்கிறவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-1 கெடு 11-ஆம் தேதி. பிஎஃப், இஎஸ்ஐ கட்ட 15. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் 20. இதில் 11-ஆம் தேதி பொல்லாதது. அன்றைக்குள் தாக்கல் ஆகவில்லை என்றால், சரக்கு வாங்கிய கடைக்காரருக்கு அந்த மாதக் கணக்கில் நம் பில் தெரியாது, அவரால் வரிவரவு எடுக்க முடியாது. உடனே போன் வரும். அந்த போனை எடுப்பதும் இதே பெண்தான். 14-ஆம் தேதி 2பி அறிக்கை வந்ததும் நம் கொள்முதல் பில்களை ஒவ்வொன்றாக அதோடு பொருத்திப் பார்த்து, விடுபட்டவற்றுக்கு சப்ளையர்களைத் துரத்த வேண்டும். ஆக மாதத்தில் 8 முதல் 20 வரை வீட்டுக்குக் கிளம்பும் நேரம் தள்ளிப்போகும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ள நிறுவனங்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். வரியை மாதாமாதம் கட்டத்தான் வேண்டும், ஆனாலும் நெருக்கடி குறையும். எனவே 'மாதாந்திரமா, காலாண்டா?' என்று கேட்டாலே அந்த ஆபீசின் மாலை நேரங்கள் எப்படியிருக்கும் என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். தாக்கலை ஆடிட்டர் ஆபீஸ் பார்க்கிறதா, இவள்தான் பார்க்க வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். 'ஜிஎஸ்டி நன்கு தெரிந்திருக்க வேண்டும்' என்ற வரியில் அந்த 'நன்கு' இவள்தான் என்று சொல்கிறது.

சம்பள வரியை நான் எப்போதும் அனுபவ வரியோடு சேர்த்துத்தான் படிப்பேன். 0 முதல் 5 வருடம், 12,000 முதல் 25,000. இவ்வளவு அகலமாகக் கதவைத் திறந்து வைத்தால், உள்ளே போகிற ஃப்ரெஷருக்கு 12,000 பக்கம்தான் கிடைக்கும். 25,000 என்ற எண் கண்ணை இழுப்பதற்கு. வேலைப் பட்டியலோ ஐந்து வருட அனுபவக்காரருக்கு உரியது. இந்த இரண்டும் மோதுகிற இடத்தில்தான் ஆட்கள் நாலு மாதத்தில் நிற்கிறார்கள். 'பெண்கள் மட்டும்' என்பதும் பல இடங்களில் சம்பளம் பற்றிய வரிதான். குறைந்த பணத்துக்கு ஒத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு அதில் இருக்கிறது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிக்காது.

'குடும்பம் போன்றது' என்ற வரியைக் கண்டதும் ஓட வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதலாளி தினமும் கடையில் உட்காரும் சிறு நிறுவனத்தில் அது நிஜமாகவே இருக்கலாம். தங்கள் ஊழியரின் அம்மாவுக்கு ஆபரேஷன் என்றபோது பணத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து நின்ற முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வரி ஒன்றைச் சொல்கிறது: அங்கே லீவும் சம்பள உயர்வும் விதிப்படி வராது, கேட்டு வாங்குவதாக இருக்கும். அதனால் குடும்பம் என்று எழுதியிருந்தால், பிஎஃப், இஎஸ்ஐ என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இஎஸ்ஐ உண்டு. 12,000 சம்பளத்தில் ஊழியரிடம் பிடிப்பது 0.75 சதவீதம், 90 ரூபாய்தான். நிறுவனம் போடுவது 3.25 சதவீதம், 390 ரூபாய். அந்த 390 ரூபாயைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள்.

தொனியைப் பிடிக்க ஒரு எளிய வழி, எத்தனை வரி கேட்கிறது, எத்தனை வரி தருகிறது என்று எண்ணுவது. இந்த விளம்பரத்தில் தருவது சம்பளம் மட்டும்தான். வார விடுமுறை எந்த நாள் என்றுகூட இல்லை. 'மட்டும்' என்ற சொல் இரண்டு முறை வருகிறது. இதைவிடக் கடுமையானவையும் உண்டு: 'நேரத்தை வீணாக்குபவர்கள் அழைக்க வேண்டாம்' என்று எழுதியவர் உங்களை இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் கோபமாக இருக்கிறார்.

இன்னொரு வேலையும் செய்யச் சொன்னேன். இதே விளம்பரம் அந்த வாட்ஸ்அப் குழுவில் முன்பு வந்திருக்கிறதா என்று தேடச் சொன்னேன். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு முறை வந்திருந்தது. அப்போது 'நீண்ட காலம்' என்ற சொற்கள் இல்லை.

அவள் நேர்காணலுக்குப் போனாள். நாலு கேள்வி மட்டும் எழுதிக்கொண்டு போனாள்: இதுக்கு முன்னாடி இருந்தவங்க எவ்வளவு நாள் இருந்தாங்க, ஒரு நாளைக்கு எத்தனை பில், ஜிஎஸ்டி தாக்கல் யார் பண்றது, வெளியே போறதுக்குப் பெட்ரோல் தருவீங்களா. முதலாளி ஒளிக்காமல் பதில் சொன்னாராம். முந்தைய பெண் நாலு மாதம். பில் 40 முதல் 50. தாக்கல் மாதாமாதம், பில்களைத் தயார் செய்து கொடுத்தால் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். சம்பளம் 13,000. பெட்ரோலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டதில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.

"ஆடிட்டர் பாக்கறாருன்னா சமாளிச்சுடலாங்க சித்தி" என்றாள். 20-ஆம் தேதிச் சுமை பாதி குறைந்துவிட்டது என்று எனக்கும் தோன்றியது. பெட்ரோல் அலவன்ஸ் ஒரு வரியாக ஆர்டரில் வந்தால் சேருவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். வியாழக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.